பேச்சுத் தமிழ் வகுப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

2024 செப்டம்பர் முதல் 2025 ஜூலை வரை எங்கள் வடமேற்கு லண்டன் சனிக்கிழமை வகுப்பு வழமைபோல் நடந்தது. மண்டப வாடகையையும் வரவு செலவையும் பொருளாளர் வாசிப்பார். பொங்கல் விழாப் படங்களை எல்லோரும் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். ஆகவே இந்த ஆண்டு எங்கள் மாலை நேரங்களை எல்லாம் தின்றுவிட்ட ஒரு வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பாடங்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற வேலை அது. கணினி தெரிந்தவர்கள் இதை மெட்டாடேட்டா என்பார்கள். ஊரில் புதுக் கொப்பிக்கு உறை போட்டு, பெயர், வகுப்பு, பாடம் என்று எழுதி ஒட்டுவோமே, அதேதான். கொப்பியைத் திறக்காமலே அது யாருக்கு, எதற்கு என்று தெரியவேண்டும்.

இதைத் தொடங்கிவைத்தது அக்டோபரில் நடந்த ஒரு சிறு சங்கடம். பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். வீட்டில் அம்மம்மா தமிழில் கதைப்பதெல்லாம் விளங்கும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். எங்கள் பட்டியலில் ‘நிலை 1’ என்று தேடிக் கிடைத்த தாள்களை ஆசிரியை எடுத்துக் கொடுத்தார். வந்தது நிலாப் பாட்டும், முயல் படத்துக்கு வர்ணம் தீட்டும் தாளும். பிள்ளை அதைத் திருப்பி வைத்துவிட்டு வகுப்பு முடியும்வரை கை கட்டி இருந்தாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

ஆசிரியையில் பிழை இல்லை. பிழை எங்கள் பட்டியலில் இருந்தது. ‘நிலை 1 (சின்னவர்கள்)’ என்று ஒரே கட்டத்தில் வயதையும் தமிழ் அறிவையும் சேர்த்து எழுதி வைத்திருந்தோம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அது சரிவரும். அங்கே ஐந்து வயதுப் பிள்ளையின் தமிழும் பத்து வயதுப் பிள்ளையின் தமிழும் வயதோடு சேர்ந்தே வளரும். இங்கே அப்படி இல்லை. எங்களிடம் சளசளவென்று கதைக்கும் ஆறு வயதுக்காரரும் உண்டு, ஒரு வசனம் முழுதாகச் சொல்லாத பன்னிரண்டு வயதுக்காரரும் உண்டு. ஆகவே முதல் முடிவு: வயதுக்கு ஒரு கட்டம், பேச்சு நிலைக்கு வேறொரு கட்டம்.

வயது என்பது பாடத்தின் பொருள் எந்த வயதுக்குக் கூச்சம் தராது என்பதைச் சொல்கிறது. ஆகஸ்ட் 31 அன்று நிறைந்த வயதை எடுத்துக்கொள்கிறோம். பள்ளிக்கூடங்களும் அந்த நாளைத்தான் பார்க்கின்றன, பிறந்தநாள் வந்ததும் பிள்ளையை நடுவில் இடம் மாற்றவேண்டியதில்லை. முன்பு 5-7, 7-9 என்று எழுதியிருந்தோம். ஏழு வயதுப் பிள்ளை இரண்டிலும் நின்றது. இப்போது 5-6, 7-8, 9-11, 12-14 என்று ஒன்றோடொன்று முட்டாமல் பிரித்திருக்கிறோம்.

பேச்சு நிலையை நான்காக வைத்திருக்கிறோம். கேட்டாலும் விளங்காதவர் 0. கேட்டால் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் என்பவர் 1. இரண்டு மூன்று சொல் சேர்த்துத் தமிழில் பதில் சொல்பவர் 2. கேட்காமலே தானாகக் கதை சொல்பவர் 3. முதல் நாள் ஒரு சந்தைப் படத்தைக் காட்டிப் பத்து நிமிடம் கதைத்தால் இது தெரிந்துவிடும். பெற்றோரிடம் கேட்டு நிரப்புவதை நிறுத்திவிட்டோம். எந்தத் தாயும் தன் பிள்ளைக்கு 0 போடமாட்டார். சிலர் வெட்கப்பட்டுக் குறைத்தும் போடுகிறார்கள்.

வயதுக் கட்டத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. கடந்த நவம்பரில் நான் விரிதாளில் `9-11` என்று தட்டினேன். அது `09-Nov` ஆகிவிட்டது. `7-8` ஆகஸ்ட் 7 ஆனது. நல்ல எண்ணத்தோடு ஒருவர் அந்த நிரலை எழுத்தாக மாற்றியதும் ஒன்பது முதல் பதினொன்று வயதுவரைக்கான பாடங்களின் வயது `45605` என்று வந்தது. விரிதாள் உள்ளே தேதியை நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கும். 2024 நவம்பர் 9-க்கு அந்த எண். நிரலை ‘எழுத்து’ வகைக்கு மாற்றுவதைத் தட்டுவதற்கு முன்பே செய்யவேண்டும், பிறகு செய்தால் பழையது திரும்பாது. கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவு ஆனது.

பாட இலக்கத்துக்கு வருகிறேன். கோப்புறையில் பாடம் 1-க்கு அடுத்தது பாடம் 10 என்று நிற்கிறதே என்று பலர் கேட்டீர்கள். கணினி எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிற இடங்களில் 10 என்பது 2-க்கு முன் வரும். `002`, `010` என்று முன்னால் பூச்சியம் போட்டதும் அது தீர்ந்தது. ஆனால் பெரிய சிக்கல் வேறு. ‘வீட்டில் யார் யார்’ பாடத்துக்கும் ‘சாப்பாடு’ பாடத்துக்கும் நடுவில் ஆசிரியர்கள் ஒரு புதுப் பாடத்தைச் செருகினார்கள். அதற்குப் பின்னால் உள்ள இலக்கம் எல்லாம் ஒன்று தள்ளியது. ‘பாடம் 9 ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு வரவும்’ என்று முன்பு அனுப்பிய செய்தியை நம்பியவர்கள் வேறு பாடத்தைக் கேட்டுவிட்டு வந்தார்கள்.

இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு இலக்கம். ஒன்று அதன் அடையாளம். பிறந்த சான்றிதழ் இலக்கம் மாதிரி, ஒருமுறை கொடுத்தால் மாறாது, பாடத்தை நீக்கினாலும் வேறு பாடத்துக்குக் கொடுக்கமாட்டோம். மற்றது வரிசை, அதைப் பத்துப் பத்தாக விட்டு எழுதுகிறோம். 130-க்கும் 140-க்கும் நடுவில் புதுப் பாடம் வந்தால் 135 என்று போடலாம், மற்றவை அசையா. பெற்றோருக்கு அனுப்பும் செய்தியில் அடையாள இலக்கம் மட்டும்தான் வரும். 14அ, 14ஆ என்று போடலாமே என்று குழுவில் ஒருவர் சொன்னார். இரண்டாவது முறை செருகும்போது அது குழம்பும் என்பது என் எண்ணம். கூட்டம் விரும்பினால் வாக்கெடுப்பு வைக்கலாம்.

அதிகம் வாதாடியது ‘எழுத்து’ என்ற கட்டத்தைப் பற்றித்தான். பழைய பட்டியலில் ‘எழுத்து: உண்டு’ என்று ஓர் ஆசிரியை குறித்திருந்தார், அந்தப் பாடத்தில் அ, ஆ கற்பிக்கப்படுகிறது என்ற பொருளில். இன்னொருவர் அதே சொல்லைத் தாள் தமிழ் வடிவில் அச்சாகியிருக்கிறது என்ற பொருளில் போட்டார். மூன்றாமவர் பிள்ளை எழுதிக் கொண்டுவரவேண்டும் என்று நினைத்துக் குறித்தார். எங்கள் மொழியில் எழுத்து என்றால் இந்த மூன்றும்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தச் சொல்லையே பட்டியலில் இருந்து எடுத்துவிட்டோம். தாள் எந்த வடிவில் இருக்கிறது என்பதற்கு ‘வரிவடிவம்’. பிள்ளைக்கு வாசிக்கத் தெரிந்திருக்கவேண்டுமா என்பதற்கு ‘வாசிப்பு: வேண்டும்’ அல்லது ‘வேண்டாம்’. பேச்சு வகுப்பில் இரண்டாவது கட்டம்தான் ஆசிரியருக்கு முதலில் தேவைப்படுகிறது.

வரிவடிவத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. `enga poreenga?` என்று ஆங்கில எழுத்தில் அச்சடித்த தாள்களை எல்லாம் ‘மொழி: ஆங்கிலம்’ என்று போட்டிருந்தோம். மொழி தமிழ், உடுப்புத்தான் ரோமன். தமிழ்த் தாள் என்று தேடினால் அவை வரவில்லை. ஒரு தகப்பன் தன் கைப்பேசியை வாசிக்கச் சொன்னபோது அது ஆங்கிலக் குரலில் அந்த வசனத்தைக் கடித்துத் துப்பியது. இதற்கு உலகம் முழுக்க ஒரே குறியீடு இருக்கிறது. `ta` என்றால் தமிழ், அதைத் தமிழ் வரிவடிவம் என்றே எடுத்துக்கொள்வார்கள். `Taml` என்று கூடச் சொல்லத் தேவையில்லை. ரோமனில் இருந்தால் `ta-Latn`. ஒலிப்பதிவுக்கு வரிவடிவம் கிடையாது, பேசுபவரின் நாடுதான்: `ta-LK`, `ta-IN`.

நாட்டுக் குறியீடு போதாது என்பதையும் சொல்லவேண்டும். `ta-LK` என்றால் யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா, மலையகமா என்று தெரியாது. ‘வாறன்’ என்று வீட்டில் கேட்கும் பிள்ளைக்கும் ‘வர்றேன்’ என்று கேட்கும் பிள்ளைக்கும் வேறு வேறு ஒலிப்பதிவு இருந்தால், எது எவருடைய பேச்சு என்று தமிழிலேயே ஒரு வரி எழுதிவிடுகிறோம். ஒரு முழுச் சீட்டு இப்படி இருக்கும்:

```
identifier: PT-027
name: கடையில சாமான் வாங்கிறது
position: 140
typicalAgeRange: 9-11
educationalLevel: பேச்சு 1
inLanguage: ta-LK
பேச்சு: யாழ்ப்பாணம்
வரிவடிவம்: ta-Latn
வாசிப்பு: வேண்டாம்
```

இடப்பக்கத்து ஆங்கிலப் பெயர்கள் schema.org என்ற பொதுத் தொகுப்பில் உள்ளவை. நாளைக்கு வேறு தமிழ்ப் பள்ளி எங்கள் பாடங்களைக் கேட்டால் அவர்களுடைய கணினிக்கும் விளங்கும். தமிழில் உள்ள மூன்று கட்டங்களும் எங்களுடையவை. அவை வெளியே போனால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று தெரிந்தே வைத்திருக்கிறோம்.

அந்தப் பத்து வயதுப் பிள்ளைக்கு வருகிறேன். மார்ச்சில் அம்மம்மாவே கூட்டிவந்தார். 9-11, பேச்சு 1, வாசிப்பு வேண்டாம் என்று மூன்று கட்டத்தையும் சேர்த்துத் தேடியபோது நான்கு பாடங்கள் வந்தன. அதில் PT-027 ஒன்று. ஒருவர் கடைக்காரர், மற்றவர் வாங்குபவர். விலை கேட்டுப் பேரம் பேசவேண்டும். வெண்டிக்காய்க்கு அவள் சொன்ன விலையைக் கேட்டு முழு வகுப்பும் சிரித்தது. அதன்பின் ஜூலைவரை ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. அந்தத் தேடலில் நான்கு பாடம்தான் வந்தது என்பதையும் கவனிக்கவேண்டும். 5-6 வயதுக்கு அதே நிலையில் பத்தொன்பது இருக்கின்றன. பெரிய பிள்ளை, சின்னத் தமிழ் என்ற இடத்தில் எங்களிடம் பாடம் போதாது என்பது சீட்டு ஒட்டிய பிறகுதான் தெரிந்தது. வரும் ஆண்டு புதுப் பாடம் எழுத முன்வருபவர்கள் அந்த இடத்துக்கு எழுதித் தரவேண்டும்.

மிச்சம் கிடப்பவை: பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய தாள்கள். அவற்றின் தலைப்பைப் பட்டியலில் ஒட்டினால் தமிழ் என்ற சொல் `jkpo;` என்று வருகிறது, தேடினால் கிடைக்காது. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் கண்ணால் வாசித்துப் பார்க்கவேண்டும். ஔவையார் கதையைச் சிலர் ஒகரமும் ளகரமும் சேர்த்து ‘ஒளவையார்’ என்று தட்டியிருக்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. அதையும் கையால்தான் திருத்தவேண்டும். இரண்டு மாலை நேரம் தரக்கூடிய நான்கு பேர் தேவை. கூட்டம் முடிந்ததும் தேநீர் மேசையில் பெயர் கொடுக்கவும்.

பிள்ளைகளின் குரல் உள்ள ஒலிப்பதிவுகளில் பெயரையும் பள்ளிக்கூடத்தையும் சீட்டில் எழுதக்கூடாது என்ற தீர்மானத்தைக் கூட்டத்தின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்