கோவா பயணக் கணக்கு: ஐந்து பரிமாற்றம் ஏன், நான்கு போதுமே

அன்புள்ள செந்தில்,

சென்னையிலிருந்து ஹம்பி வழியாகக் கோவா சென்று திரும்பிய பயணத்தின் வரவுசெலவை நீ எழுதியனுப்பியதைப் பார்த்தேன். மொத்தச் செலவு 54,000 ரூபாய், ஆளுக்கு 9,000 என்பது சரி. டீசலுக்கும் சுங்கத்துக்கும் நீ 15,000 கொடுத்திருக்கிறாய்; அறை வாடகைக்கு அருள் 14,000 கொடுத்திருக்கிறான். நான் 5,500, ரவி 6,500, பிரபு 5,000, மீரா 8,000. யார் எந்த உணவகத்தில் யாருக்காகக் கொடுத்தார் என்பதெல்லாம் இனித் தேவையில்லை. கொடுத்ததிலிருந்து பங்கைக் கழித்தால் வரும் நிகரத் தொகை மட்டும் போதும். அதன்படி உனக்கு 6,000, அருளுக்கு 5,000 வர வேண்டும். பிரபு 4,000, நான் 3,500, ரவி 2,500, மீரா 1,000 தர வேண்டும். இரு பக்கமும் 11,000 என்பதால் எந்த ரசீதும் ஒருவர் பெயரில் மட்டும் ஏறி, மொத்தச் செலவில் ஏறாமல் நிற்கவில்லை என்று தெரிகிறது. ஆனால் ஒரு ரசீது அடியோடு விட்டுப்போயிருந்தாலும் இரு பக்கமும் ஒத்தே வரும். அதை இந்தச் சோதனை காட்டாது.

அதிகம் தர வேண்டியவர் அதிகம் பெற வேண்டியவருக்கு முதலில் தர வேண்டும் என்ற வழியில் நீ கணக்கை முடித்திருக்கிறாய். பிரபு உனக்கு 4,000, நான் அருளுக்கு 3,500, ரவி உனக்கு 2,000, மீரா அருளுக்கு 1,000, மறுபடியும் ரவி அருளுக்கு 500 என ஐந்து பரிமாற்றங்கள். இந்த வழியில் ஆறு பேருக்கு ஐந்தைத் தாண்டாது என்பது உறுதி. ஆனால் அதுவே மிகக் குறைவு என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

எண்ணிக்கையைக் குறைப்பது, தமக்குள்ளேயே கணக்குத் தீர்ந்துவிடும் சிறு குழுக்கள்தான். என் 3,500-உம் ரவியின் 2,500-உம் சேர்ந்தால் உன் 6,000. பிரபுவின் 4,000-உம் மீராவின் 1,000-உம் சேர்ந்தால் அருளின் 5,000. மூவர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு, ஆக நான்கே பரிமாற்றங்கள். தர வேண்டியவர்கள் நால்வர், ஒவ்வொருவரும் ஒரு முறையாவது அனுப்பியாக வேண்டும் என்பதால் இதற்கும் கீழே போக முடியாது. ஆறு பேருக்கு இந்தக் குழுக்களைக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். இருபது பேர் என்றால் சேர்க்கைகள் பெருகிக் கணினிக்கே வேலை கூடிவிடும்.

தொகைகளை நூறு ரூபாய்க்கு முழுமையாக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தியதும் இதற்காகத்தான் (கஞ்சத்தனம் என்று பிரபு சிரித்தான்). என் பாக்கி 3,512 என்றும் ரவியுடையது 2,471 என்றும் இருந்திருந்தால், உன் 6,000-க்குப் பதினேழு ரூபாய் குறைந்து, அதற்காகவே ஐந்தாவது பரிமாற்றம் தேவைப்பட்டிருக்கும்.

ஒரே ஒரு சந்தேகம் மீதி இருக்கிறது. சில சுங்கச்சாவடிகளின் ஃபாஸ்டேக் பிடித்தம் தாமதமாக வருவதுண்டு. உன் கணக்கில் இன்னும் 600 ரூபாய் பிடிக்கப்பட்டால், உனக்கு 6,500, அருளுக்கு 4,900 என்று ஆகி, எங்கள் நால்வரின் பாக்கியும் நூறு நூறாக ஏறி, இரண்டு குழுக்களுமே உடைந்து, மீண்டும் ஐந்து பரிமாற்றங்களே மிஞ்சும். எனவே ஃபாஸ்டேக் பட்டியலை ஒரு முறை சரிபார்த்துச் சொல். அதன் பிறகு எல்லோரும் பணம் அனுப்பிவிடுகிறோம்.

அன்புடன்,
உன் நண்பன்