பதினேழுக்குப் பன்னிரண்டு: பயோமெட்ரிக் வாங்கும் முன் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். வரும் பருவத்திலிருந்து மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கைரேகை வருகைப்பதிவு கொண்டுவருவது பற்றி நடந்த கூட்டத்தில், விசைப்புல ஆய்வு என்று ஒரு பக்க அட்டவணையைத் திரையில் காட்டினீர்கள். இடப்பக்கம் ஆதரவு விசைகள், வலப்பக்கம் தடை விசைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்குள் மதிப்பெண். மேலிடத்தின் உறுதி 5, ப்ராக்ஸியை ஒழிக்கும் தேவை 4, தேர்வுப் பிரிவின் வேலை குறைவது 4, வகுப்பு நேரம் மிச்சமாவது 4. எதிர்ப்பக்கத்தில் ஆசிரியர் எதிர்ப்பு 4, மாணவர் எதிர்ப்பு 3, செலவு 3, தொழில்நுட்பக் கோளாறு 2. கூட்டினால் 17-க்கு 12. அதனால் தொடங்கிவிடலாம் என்று முடிவானது.

மேலாண்மைப் பாடத்தில் இந்த ஆய்வை ஆண்டுதோறும் நடத்துகிறவன் என்பதால் இதை எழுதுகிறேன். பயோமெட்ரிக் கூடாது என்பது என் வாதம் இல்லை. அந்த அட்டவணையிலிருந்து அந்த முடிவு வராது என்பதுதான்.

இந்த முறைக்கு அடித்தளம் இட்டவர் கர்ட் லெவின். ஒரு குழுவின் பழக்கம் ஏன் மாறாமல் இருக்கிறது என்ற கேள்விக்கு 1947-இல் அவர் தந்த விளக்கம் எளிமையானது. பழக்கம் அசையாமல் கிடப்பதாகத் தெரிந்தாலும், இரு பக்கமும் விசைகள் அழுத்திக்கொண்டே இருக்கின்றன; அவை ஈடாக இருப்பதால் நிலை மாறவில்லை. அதை மாற்ற இரண்டு வழி உண்டு. தள்ளுகிற விசையைக் கூட்டலாம், இல்லை தடுக்கிற விசையைக் குறைக்கலாம். இரண்டிலும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரலாம், ஆனால் முதல் வழியில் உள்ளே இறுக்கம் ஏறும். உள்ளிருந்து ஒருவர் தள்ளிக்கொண்டிருக்கும் கதவை வெளியிலிருந்து இன்னும் வேகமாகத் தள்ளுவது போல. ஆக, இந்த ஆய்வின் பயனே எந்தத் தடையை எடுத்துவிடலாம் என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது. மதிப்பெண்களைக் கூட்டி வெற்றி தோல்வி சொல்வதில் இல்லை. அந்த 4-உம் 3-உம் எடைக்கல் வைத்து நிறுத்தவை அல்ல, சிலருடைய ஊகம். ஊகங்களைக் கூட்டினாலும் ஊகம்தான் வரும்.

சரி, அந்த ஊகங்களையே எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்கிறேன். இயந்திரங்கள் எங்கே வைக்கப்படும்? விலைப்புள்ளியில் மாணவர்களுக்கு நான்கு இயந்திரங்கள், நான்கும் முதன்மை வாயிலில். இந்த ஒரு விவரம் ஆதரவுப் பக்கத்தைக் கிட்டத்தட்டக் காலி செய்துவிடுகிறது.

வாயிலில் விரல் வைத்தால், மாணவர் வளாகத்துக்குள் வந்தார் என்பது பதிவாகும். மூன்றாவது மணிநேரத்தில் கணக்கியல் வகுப்பில் உட்கார்ந்திருந்தாரா என்பது பதிவாகாது. நமக்குத் தேவைப்படும் வருகைச் சதவீதமோ பாடவாரியானது. அப்படியானால் ஆசிரியர் வகுப்பில் பெயர் கூப்பிட்டே ஆக வேண்டும். வகுப்பு நேரம் மிச்சமாவது என்ற 4 அங்கேயே பூஜ்யம். விரலை வைத்துவிட்டு வகுப்புக்கு வராமல் மரத்தடியில் உட்காருவதற்குத் தடையில்லை. வகுப்புக்குள் நண்பனுக்காக ‘யெஸ் சார்’ சொல்வதற்கும் தடையில்லை. ப்ராக்ஸிக்குக் கொடுத்த 4-இல் தாராளமாகப் பார்த்தாலும் 2 மிஞ்சும். தேர்வுப் பிரிவுக்கு இன்று ஒரு பதிவேடு, நாளை இரண்டு. வாயில் பதிவில் வந்ததாகவும் வகுப்புப் பதிவேட்டில் வராததாகவும் உள்ள பெயர்களை யாராவது ஒப்பிட வேண்டும். வேலை குறைவதற்கு 1 போடுவதே என் பெருந்தன்மை. அப்புறம் மிச்சம் என்ன? மேலிடத்தின் உறுதி 5. மொத்தம் 8, அதில் பாதிக்கு மேல் உங்கள் விருப்பம் மட்டுமே.

வகுப்புக்கு ஒரு இயந்திரம் வைத்தால் இந்த மதிப்பெண்கள் திரும்ப வரும். ஆனால் செலவு என்ற 3 அதே இடத்தில் நிற்காது. இரண்டில் எதைச் செய்கிறோம் என்று முடிவாகாமல் அட்டவணை போட்டதே முதல் கோளாறு. எந்த மாற்றத்துக்கான விசை என்று தெரியாமல் விசையை மதிப்பிட முடியாது.

வரிசையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒருவர் முன்னால் வந்து, விரல் வைத்து, பச்சை விளக்கு பார்த்து நகர ஆறு நொடி என்று வைத்துக்கொள்வோம். 1,200 மாணவர்கள், நான்கு இயந்திரம். ஒன்றுக்கு 300 பேர், 1,800 நொடி, அதாவது அரை மணி நேரம். ஆனால் பெரும்பாலோர் வருவது முதல் மணிக்கு முந்தைய கால் மணிநேரத்தில். மணி அடிக்கும்போது பெருங்கூட்டம் வரிசையில் நிற்கும், நேரத்துக்கு வந்தவர்களுக்கே தாமதம் என்று பதிவாகும். இதெல்லாம் எல்லா விரலும் முதல் முறையிலேயே ஏற்கப்பட்டால் நடப்பது. ஈரக் கை, வறண்ட தோல், வெட்டுக்காயம், வேதியியல் ஆய்வகத்தில் தோலுரிந்த விரல் நுனி, கைவேலை செய்து ரேகை தேய்ந்தவர்கள் என்று பலருக்குச் சிவப்பு விளக்குதான் எரியும். நூற்றுக்கு இரண்டு பேர் கடைசிவரை தோற்றாலும் காலையில் 24 பேர் அலுவலக மேசைக்கு முன் நிற்பார்கள்.

அந்த மேசையில் இருப்பவர் உங்கள் அட்டவணையில் இல்லை. அலுவலக உதவியாளரை யாரும் கேட்கவில்லை. அவர் எதிர்க்கவும் இல்லை, அதனால் விசையாகக் கணக்கில் வரவில்லை. ஆனால் திட்டத்தின் விதிவிலக்குகள் எல்லாம் வந்து விழும் இடம் அவர் கைதான். முதல் வாரம் ஒவ்வொருவரையும் விசாரித்து எழுதுவார். மூன்றாம் வாரம் கேட்டவர்களுக்கெல்லாம் கையால் வருகை போட்டுக் கொடுப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 24 பேர் முன்னால் நின்றால் நானும் அதைத்தான் செய்வேன். சத்தம் போடாத தடை விசை இப்படித்தான் இருக்கும்.

வரிசை நீண்டால் இன்னொன்றும் நடக்கும். விற்பனையாளரைக் கூப்பிடுவோம், அவர் ஒப்பீட்டின் கண்டிப்பைத் தளர்த்திக் கொடுத்துவிட்டுப் போவார். எந்தக் கைரேகைக் கருவியிலும் உரியவரைத் தவறாக மறுப்பதும், வேறொருவரைத் தவறாக ஏற்பதும் ஒரே திருகின் இரு பக்கம். ஒன்றைக் குறைக்கத் திருகினால் மற்றது கூடும். தொழில்நுட்பக் கோளாறுக்கு 2 போட்டவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். இந்தத் தடையைச் சமாளிக்கும் அதே செயல், எதிர்ப்பக்கத்தில் ப்ராக்ஸி ஒழிப்பு என்ற ஆதரவைக் கரைக்கிறது.

இனி ஆசிரியர் எதிர்ப்பு 4. நானும் அந்த நான்கில் ஒரு பங்கு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ‘ஆசிரியர்’ என்பது விசை அல்ல, ஆட்கள். அதே ஆசிரியர் பெயர் கூப்பிடும் தொல்லை ஒழியட்டும் என்று ஆதரிக்கவும் செய்கிறார், தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று எதிர்க்கவும் செய்கிறார். எதிர்ப்பைப் பிரித்துப் பார்த்தால் குறைந்தது மூன்று தெரிகிறது. உள்ளே வெளியே நேரத்தைச் சம்பளத்தோடு இணைப்பார்களோ என்ற பயம். வேறு கல்லூரிக்குத் தேர்வுப் பணிக்குப் போகும் நாளும், இரவு எட்டு மணிவரை ஆய்வகத்தில் இருக்கும் நாளும் இந்தக் கணக்கில் எப்படி வரும் என்ற குழப்பம். மூன்றாவது, கைரேகைத் தரவு யாரிடம் இருக்கும் என்ற கேள்வி. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது.

இந்த மூன்றையும் நீக்குவதற்கான செலவைப் பாருங்கள். முதலாவதற்கு, இணைக்க மாட்டோம் என்று கையெழுத்திட்ட ஒரு வரி. இணைக்கத்தான் போகிறோம் என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். அது வேறு பேச்சு. இரண்டாவதற்கு, வெளிப்பணியை முன்கூட்டியே பதிய ஒரு வழி. மூன்றாவதற்கு, தரவு எந்தச் சேவையகத்தில், யார் பார்க்கலாம், படிப்பு முடிந்தவரின் பதிவு எத்தனை நாளில் அழிக்கப்படும் என்று ஒரு பக்கம். இதே பக்கம் மாணவர் எதிர்ப்பிலும் ஒரு பகுதியைக் கரைக்கும். மேலிடம் கொடுக்கும் எந்த அழுத்தத்தையும்விட இவை மலிவு.

ஆனால் கூட்டத்தில் பேசப்பட்டது அபராதம். விரல் வைக்காத நாளுக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது, தள்ளுகிற பக்கத்தில் இன்னொரு விசை. அதற்கு எதிர்வினை வரும். மாணவர் அலுவலகத்தில் மன்றாடுவார், துறைத்தலைவர் பரிந்துரைக் கடிதம் எழுதுவார், கையால் போடும் வருகை கூடும்.

1948-இல் கோச், பிரெஞ்ச் என்ற இருவர் வெளியிட்ட ஹார்வுட் ஆடைத் தொழிற்சாலை ஆய்வு எங்கள் வகுப்பில் தவறாமல் வரும். வேலைமுறை மாற்றத்தை அறிவிப்பாக மட்டும் கேட்ட குழுவில், முதல் நாற்பது நாளில் நூற்றுக்கு 17 பேர் வேலையை விட்டார்கள். உற்பத்தி பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. மாற்றத்தை வடிவமைப்பதில் எல்லோரும் பங்கேற்ற குழுக்கள் விரைவிலேயே பழைய அளவைத் தாண்டின. கவனிக்க வேண்டியது, மாற்றம் வேண்டுமா என்று அங்கே யாரும் வாக்கெடுக்கவில்லை. எப்படிச் செய்வது என்பதில்தான் அவர்களைச் சேர்த்தார்கள். அதிகாரம் கைவிட்டுப் போய்விடும் என்று நிர்வாகம் அஞ்சத் தேவையில்லை.

என் கோரிக்கை இதுதான். கொள்முதல் ஆணையை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். இயந்திரம் வாயிலிலா வகுப்பிலா என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு ஆசிரியர், மாணவர், அலுவலகப் பணியாளர் மூவருக்கும் தனித்தனி அமர்வு. பேச்சு தொடங்கும் முன்பே ஒவ்வொருவரும் தாளில் மதிப்பெண் எழுதிக் கொடுக்கட்டும். முதல்வர் இருக்கும் அறையில் வாய்விட்டுச் சொல்லும் மதிப்பெண் முதல்வரின் மதிப்பெண்ணாகத்தான் இருக்கும். சராசரி எடுக்காதீர்கள். ஒரே விசைக்கு நிர்வாகம் 1, மாணவர்கள் 5 என்று போட்டிருந்தால் நாம் பேச வேண்டிய இடம் அதுதான்.

அதற்குப் பின் ஒரே துறையில் மூன்று வாரம், பெயர் கூப்பிடுவதை நிறுத்தாமல், இயந்திரத்தையும் ஓட்டிப் பார்க்கலாம். இரண்டு எண்களை மட்டும் குறித்தால் போதும்: நூறு பதிவில் கையால் போட்டவை எத்தனை, இயந்திரப் பதிவும் வகுப்புப் பதிவேடும் முரண்பட்டவை எத்தனை. கையால் போட்டவை வாரத்துக்கு வாரம் குறைந்தால் தடை கரைகிறது. ஏறினால் அது வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. எந்த எண்ணைத் தாண்டினால் மற்றத் துறைகளுக்குக் கொண்டுபோவதில்லை என்பதை, சோதனை தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்திட்டு வைத்துவிடுவது நல்லது. சோதனையைத் தேர்வு மாதத்தில் வைக்க வேண்டாம். அப்போது நுழைவுச் சீட்டுக்காக எல்லோருமே ஒழுங்காக வருவார்கள். எண்கள் அழகாக இருக்கும், ஒன்றும் தெரியாது.

அமர்வுகளை நடத்தவும் தாள்களைத் தொகுக்கவும் எங்கள் துறை தயாராக இருக்கிறது. தேதி சொன்னால் போதும்.

அன்புடன்,
மேலாண்மைத் துறை ஆசிரியர் ஒருவர்