புள்ளிப் பட்டியலில் ஒரே புள்ளிக்கு இரு காலணை: திருத்தம் கோரல்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

எமது பாடசாலை கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் உங்கள் புள்ளிப் பதிவு மென்பொருள், தரம் 10 கணிதத் தவணைப் பரீட்சையின் வகுப்புப் பட்டியலில், ஒரே புள்ளி பெற்ற மாணவருக்கு வெவ்வேறு காலணைப் பெயர்களை இட்டுள்ளது.

பரீட்சை எழுதியோர் 41 பேர். அவர்களுள் 10 பேர் 58இற்குக் குறைவாகவும், மூவர் சரியாக 58உம் பெற்றிருந்தனர். சதமணை நிலையை மென்பொருள் சரியாகவே கணித்திருக்கிறது: ஒருவரைத் தவிர்த்த மற்ற 40 பேரில் 10 பேர் கீழே இருப்பதால் மூவருக்கும் 25 வருகிறது. ஆனால், அடுத்த நிரலில் ஒரு மாணவிக்கு மட்டும் ‘கீழ்க் காலணை’ என்றும், மற்ற இருவருக்கும் ‘இரண்டாம் காலணை’ என்றும் அச்சாகியுள்ளது. அம்மாணவியின் அனுமதி இலக்கம் மற்ற இருவரினதையும்விடச் சிறியது என்பதைத் தவிர வேறு வேறுபாடு எதுவும் இல்லை. தேர்ச்சி அறிக்கையைப் பார்த்த பெற்றோருக்கு நான் என்ன விளக்கம் சொல்வது?

பட்டியலைப் புள்ளி வரிசையில் அடுக்கி, பெயர்களை எண்ணி, 11, 10, 10, 10 என நான்கு கூறுகளாக வெட்டியிருக்கிறீர்கள். தரவுத்தளங்களில் உள்ள `NTILE(4)` செய்வதும் அச்சொட்டாக இதுவே. அது வரிசையில் உள்ள இடத்தைப் பார்க்குமேயன்றிப் புள்ளியைப் பார்க்காது. ஆகவே வெட்டு விழும் இடத்தில் சம புள்ளியினர் இருந்தால் அவர்களைப் பிரித்துவிடும். எல்லையைப் புள்ளியிலிருந்தே எடுக்க வேண்டும். அதே பட்டியலை எக்செல்லில் இட்டு நான் சரிபார்த்த சூத்திரம் இது:

```
=QUARTILE.INC(C2:C42,1)
```

விடை 58. ‘58உம் அதற்குக் கீழும்’ எனக் கொண்டால் கீழ்க் காலணையில் 13 பேர் வருவர். ‘58இற்குக் கீழ்’ எனக் கொண்டால் 10 பேர் வருவர். இரண்டில் எதை ஏற்றாலும் எனக்கு மறுப்பில்லை, ஏனெனில் இரண்டிலும் மூவரும் ஒன்றாகவே நிற்பர். குழுக்கள் சம அளவில் அமைய வேண்டும் என்று உங்கள் உதவிப் பிரிவு தந்த பதிலை என்னால் ஏற்க முடியாது. சம புள்ளிகள் உள்ள வகுப்பில் அது எப்போதும் இயலுவதன்று, அதற்காக ஒரு பிள்ளையைக் கீழே தள்ளுவது நியாயமுமன்று.

இன்னொரு குறையும் உண்டு. விஞ்ஞானப் பட்டியலில் சமூகமளிக்காத நால்வரின் வெற்றுக் கூடுகளை மென்பொருள் பூச்சியமாக எண்ணியதால், எழுதியவர்களுள் மிகக் குறைந்த புள்ளி பெற்றவருக்குச் சதமணை நிலை 0 வர வேண்டிய இடத்தில் 10 வந்துள்ளது.

எனவே, காலணை எல்லையைப் புள்ளியின்படி வகுத்து, எல்லைப் புள்ளி எப்பக்கம் சேரும் என்பதை அறிக்கையின் அடியில் அச்சிடுமாறும், சமூகமளிக்காதோரைக் கணிப்பிலிருந்து நீக்குமாறும், இவ்விரு பட்டியல்களையும் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு முன் திருத்தித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். மாணவர் பெயர்களை நீக்கிய பட்டியல்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்