சாமியாட்டப் படம் இல்லாத ஆய்வேடு: நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாட்டார் வழக்காற்றியல் நெறியாளர்களுக்கும் ஆய்வேடுகளை மதிப்பிடும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

நம் ஆய்வேடுகளின் முறையியல் இயலில் “உரிய அனுமதி பெற்று ஒளிப்பதிவு செய்யப்பட்டது” என்று ஒரே வரி இருக்கிறது. யாரிடம், எப்போது, எதற்கு வாங்கிய அனுமதி என்பது அதில் இல்லை.

நெல்லைப் பக்கத்துச் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவை எடுத்துக்கொள்வோம். கோயிலுக்கு வரி கொடுக்கும் வரிதாரர்கள் கூடி “எடுத்துக்கோங்க தம்பி” என்பார்கள். அது கோயிலுக்குள் நிற்பதற்கான அனுமதி. சாமியாடிக்கும் சேர்த்து அவர்கள் சொல்லிவிட முடியாது. அருள் வந்து ஆடுகிறவரிடம் அந்த நேரத்தில் கேட்கவும் முடியாது. கொடைக்கு முன்பே ஒருமுறை கேட்க வேண்டும். மறுநாள் அவர் நிதானமாக இருக்கும்போது படத்தைக் காட்டி மறுபடி கேட்க வேண்டும். அழிக்கச் சொன்னால் அழித்துவிட வேண்டியதுதான்.

இதைவிடச் சிக்கலானது குறி கேட்கும் நேரம். சாமியாடியை நோக்கி வைத்த மைக்கில் எதிரே நிற்கும் பெண்ணின் குரலும் விழுகிறது: பிள்ளை இல்லாத குறை, கணவனின் குடி, கடன். அவர் சாமியிடம் பேசுகிறார், ஆய்வாளரிடம் அல்ல. குறி தொடங்கியதும் கருவியை நிறுத்திவிட்டு, குறி சொல்லும் முறையை மட்டும் பெயரில்லாமல் குறிப்பேட்டில் எழுதினால் போதும்.

“ஊர்ப் பையன்களே செல்போனில் எடுத்து யூடியூபில் போடுகிறார்களே” என்பார்கள். அவர்கள் நாளை ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். நம் ஆய்வேடோ சோத்கங்கா என்னும் இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறி, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் கோப்பாகிவிடுகிறது. முகத்தை மங்கலாக்குவதும் பெரிதாக உதவாது. கோயில் பெயரும் ஆண்டும் கச்சையும் தெரிந்தாலே ஆள் யாரென்று ஊர் சொல்லிவிடும்.

முறையியலில் இப்படி எழுதலாம்:

“குடியழைப்பும் மதியக் கொடையும் ஒளிப்பதிவு செய்யப்பட்டன. சாமியாடியிடம் கொடைக்கு முன்னும் பின்னும் இசைவு பெறப்பட்டது. அவர் விரும்பாத ஒரு பகுதி அழிக்கப்பட்டது. குறி கேட்டல் பதிவு செய்யப்படவில்லை. சாமியாடி மயானத்துக்குப் போகும் வேட்டைக்கு வெளியாள் வர வேண்டாம் என வரிதாரர்கள் சொன்னதால் ஆய்வாளர் கோயிலிலேயே தங்கினார். வேட்டை பற்றிய விவரணை மறுநாள் சாமியாடி சொன்னது, நேரில் கண்டதன்று.”

கடைசி இரண்டு வாக்கியங்களும் ஒழுக்கத்துக்காக மட்டும் எழுதப்படுபவை அல்ல. கண்டதையும் கேட்டதையும் பிரிக்காத ஆய்வேட்டில் மயானச் சடங்கு பற்றிய முடிவை எவ்வளவு நம்பலாம் என்று படிப்பவருக்குத் தெரியாது. போகாத இடத்தைப் போனதுபோல் எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும்.

வாய்மொழித் தேர்வில் “வேட்டைப் படம் எங்கே?” என்று கேட்பதை நிறுத்துங்கள். தேர்வில் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில்தான் மாணவர்கள் கேமராவைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு போகிறார்கள். பின்னிணைப்பில் பத்து நிழற்படம் கட்டாயம் என்பதுபோன்ற எழுதாத விதிகளையும் எடுத்துவிடுங்கள். எதைப் பதிவு செய்யவில்லை, ஏன் செய்யவில்லை, அதனால் எந்த முடிவு பலவீனமாகிறது என்று கேளுங்கள். சாமியாடி மறுத்த படங்கள் சோத்கங்காப் படியில் இல்லை என்பதை, ஏடு பதிவேறும் முன் நீங்களே ஒருமுறை புரட்டிப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
களப்பணியில் இருக்கும் ஓர் ஆய்வாளர்