ஒரு சிப்பாய் குறைந்ததால் தப்பித்த கறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சதுரங்கப் பக்கத்தில் வந்த புதிரைப் பற்றி எழுதுகிறேன். படத்தில் வெள்ளை ராஜா f6-இல், ராணி b3-இல். கறுப்பு ராஜா a1 மூலையில், அதற்கு முன்னால் a2-இல் ஒரு சிப்பாய். வேறு காய் எதுவும் இல்லை. 'வெள்ளை ஆடி நான்கு நகர்த்தலில் மேட்' என்று போட்டிருந்தீர்கள். பின்பக்க விடையில் வெள்ளை ராஜா e5, d4, c3 என்று இறங்கி வருகிறது, நான்காவதாக ராணி b2-க்கு வந்து மேட்.

என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இதைப் பலகையில் வைத்துக் காட்டினேன். முதல் நகர்த்தலிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. வெள்ளை ராஜா e5-க்கு வந்ததும் கறுப்புக்கு நகர வழியில்லை. b1, b2 இரண்டையும் ராணி பார்த்துக்கொண்டிருக்கிறது, a2-இல் சொந்தச் சிப்பாய், அந்தச் சிப்பாய்க்கு முன்னால் சொந்த ராஜா. செக்கும் இல்லை. ஆக ஸ்டேல்மேட், டிரா. விடையை மறுபடி பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கறுப்பின் நகர்த்தல்களாக h5, h4, h3 என்று அச்சாகியிருக்கிறது. படத்தில் h7-இல் இருக்க வேண்டிய கறுப்புச் சிப்பாய் விட்டுப்போயிருக்கிறது!

இதை வெறும் அச்சுப்பிழை என்று தள்ளிவிட மனம் வரவில்லை. கறுப்புக்கு ஒரு காய் கூடுதலாக இருந்தால் தோல்வி, அது இல்லாவிட்டால் டிரா. இந்த முடிவாட்டத்தின் சூட்சுமமே அதுதான்.

ராணி தனியாக இந்தச் சிப்பாயை ஜெயிக்க முடியாது, ராஜாவும் பக்கத்தில் வர வேண்டும். ஆனால் சிப்பாய் ஏழாம் வரிசையில், அதாவது கறுப்புக்கு இரண்டாம் வரிசையில், ராணியாக மாற ஒரே அடி பாக்கி என்று நிற்கும்போது ராஜாவை நகர்த்த நேரம் ஏது? நடுச் சிப்பாயாக இருந்தால் அந்த நேரத்தைப் பிடுங்கிக்கொள்ளலாம். கறுப்பு ராஜா f2, சிப்பாய் d2, வெள்ளை ராணி e4, வெள்ளை ராஜா வெகுதூரத்தில் a8 என்று வைத்துப் பாருங்கள். ராணி d3-க்கு வந்து சிப்பாயைத் தாக்குகிறது. அதைக் காக்க ராஜா e1-க்கு வந்தே ஆக வேண்டும். ராணி e3-இலிருந்து செக். f1-க்கு ஓடினால் சிப்பாய் போய்விடும். அதனால் ராஜா d1-க்குப் போகிறது, தன் சிப்பாயின் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. இப்போது வெள்ளைக்கு ஒரு நகர்த்தல் இலவசம்; ராஜா b7-க்கு ஓரடி வைக்கும். கறுப்பு ராஜா c2-க்கு வெளியே வந்தால் ராணி மறுபடி செக்குகளால் அதை அதே d1-க்குத் தள்ளும், ராஜா இன்னோர் அடி வைக்கும். பொறுமை இருந்தால் போதும். குதிரைச் சிப்பாய்க்கும் இதே கதைதான்.

யானைச் சிப்பாயிலும் ராணி இதே வேலையைத்தான் செய்யப் பார்க்கும். கறுப்பு ராஜா c2-இல் இருக்க ராணி a3-க்கு வந்து சிப்பாயைத் தாக்கும், ராஜா b1-க்கு வரும், ராணி b3-இலிருந்து செக் கொடுக்கும், ராஜா a1-க்குள் ஒடுங்கும். சிப்பாய்க்கு முன்னால் ராஜா நிற்கிறது, நாம் கேட்டதும் அதுதானே. ஆனால் அடுத்து வெள்ளை ராஜா ஓரடி வைத்தால் ஸ்டேல்மேட். ராணி விலகினால் கறுப்பு ராஜா மறுபடி வெளியே வந்துவிடும். கிடைத்த இலவச நகர்த்தலைச் செலவழிக்க வழியில்லை.

பிஷப் சிப்பாயில் தந்திரம் வேறு. கறுப்பு ராஜா a2, சிப்பாய் c2, ராணி c3. ராஜா b1-க்கு வந்து சிப்பாயைக் காக்கிறது, ராணி b3-இல் செக். நடுச் சிப்பாயின் பழக்கத்தில் ராஜா c1-க்குப் போனால் தோற்கும். சிப்பாயை அம்போ என்று விட்டுவிட்டு a1-க்குப் போக வேண்டும். ராணி c2-ஐ வெட்டினால் ஸ்டேல்மேட், வெட்டாவிட்டால் சிப்பாய் ராணியாகும். மிஞ்சுவது திரும்பத் திரும்பச் செக் மட்டுமே. ஆனால் கறுப்பு ராஜா மூலைக்கு எதிர்ப்பக்கம், d2 அல்லது e2 பக்கம் மாட்டிக்கொண்டிருந்தால் இந்த வித்தையைக் காட்டுவது அவ்வளவு சுலபமில்லை.

இரண்டிலும் கறுப்பைக் காப்பாற்றுவது ஸ்டேல்மேட். கறுப்பிடம் நகரக்கூடிய இன்னொரு சிப்பாய் இருந்தால் ஸ்டேல்மேட் எங்கிருந்து வரும்? உங்கள் புதிரில் h7 சிப்பாய் இருந்திருந்தால் அது h5, h4, h3 என்று மூன்று அடி நடந்தே ஆக வேண்டும். அதற்குள் வெள்ளை ராஜா c3-க்கு வந்துவிடும். பிஷப் சிப்பாயிலும் அப்படித்தான். h7-இல் ஒன்று இருந்தால் ராணி c2-ஐத் தாராளமாக வெட்டலாம்.

சென்ற ஆண்டு ஒரு போட்டியில் என் மாணவி ஒருத்திக்கு ஏறக்குறைய இதே நிலை வந்தது. கறுப்பு ராஜா a1, சிப்பாய்கள் a2, h7. அவளுடைய ராணி b3-இல், ராஜா g7-இல். பக்கத்திலேயே h7 சிப்பாய் 'என்னை எடு' என்று நிற்கிறது. ராஜாவால் எடுத்தாள், குறிப்புத்தாளிலும் எழுதிவிட்டாள். எதிரே இருந்த பையன் பலகையை இரண்டு தடவை பார்த்துவிட்டு மெதுவாகக் கையை நீட்டினான். பேனாவைக் கீழே வைத்த பிறகுதான் இவளுக்கு உறைத்தது. எடுக்காமல் f6, e5, d4, c3 என்று போயிருந்தால் அந்தச் சிப்பாய் h2-க்கு வந்து நிற்கும்போது ராணி b2-இல் மேட் வைத்திருப்பாள்.

சரி, h7 சிப்பாய் இல்லாமலே வெள்ளை ஜெயிக்க வழியே இல்லையா என்றால், ராஜா கிட்ட இருந்தால் உண்டு. வெள்ளை ராஜா d4, ராணி g5, கறுப்பு ராஜா b2, சிப்பாய் a2. ராணி d2-இல் செக், ராஜா b1. இப்போது வெள்ளை ராஜா c3-க்கு வருகிறது. சிப்பாய் a1-இல் ராணியாகிச் செக்கும் கொடுக்கிறது. கொடுக்கட்டும், ராஜா b3-க்கு நகர்ந்துகொள்ளும். எதிரியிடம் முழு ராணி இருந்தும் c2-இல் விழவிருக்கும் மேட்டுக்கு உருப்படியான பதில் கிடையாது. f6-இல் இருக்கும் உங்கள் ராஜாவுக்கு இது எட்டாது. இன்னொன்று, இதெல்லாம் ஏழாம் வரிசைச் சிப்பாய்க்கு மட்டும்தான். ஆறாம் வரிசையில் நின்றால், யானைச் சிப்பாயாகவே இருந்தாலும் பொதுவாக ராணிதான் ஜெயிக்கும்.

அடுத்த இதழில் திருத்தம் போடும்போது h7-இல் கறுப்புச் சிப்பாயைச் சேர்த்துவிடுங்கள். படத்தை அப்படியே விட்டுவிட்டு, கீழே 'வெள்ளை ஆடி, டிரா' என்று மாற்றினாலும் எனக்குச் சம்மதமே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காசிரியர்,
திண்டுக்கல்.