‘நகுமோமு’வில் ராதா இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பக்திப் பக்கத்தில் தியாகராஜரின் ‘நகுமோமு’ கீர்த்தனைக்குப் பொருள் போட்டிருந்தீர்கள். ‘ராதாவைக் காத்த ரகுவரா’ என்ற இடத்துக்கு வந்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். தியாகராஜர் ராமனைப் பார்த்துப் பாடுகிறார். அங்கே ராதை எப்படி வருவாள் என்று அச்சுக்குப் போகும் முன் ஒருவருக்கும் தோன்றவில்லையா?

பல்லவி இதுதான்: ‘நகுமோமு கனலேனி நா ஜாலி தெலிஸி, நனு ப்ரோவ ராதா ஸ்ரீ ரகுவர’. இதில் ‘ப்ரோவ ராதா’ என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ‘காக்கக் கூடாதா?’ என்ற கேள்வி அது. ‘ஜாலி’ என்றால் தெலுங்கில் துயரம், இரக்கம். நாம் பேச்சில் சொல்லும் ஜாலி ஆங்கிலத்திலிருந்து வந்தது; அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ‘கனலேனி’யில் கனலும் இல்லை, நெருப்பும் இல்லை, ‘காண முடியாத’ என்று பொருள். ‘நா’ நாக்கு அல்ல, ‘என்’. ஆக, ‘உன் சிரித்த முகத்தைக் காண முடியாத என் துயரம் தெரிந்தும், என்னைக் காக்கக் கூடாதா ரகுவரா?’ என்று ஒரு மனிதர் கெஞ்சுகிறார்.

சரணத்தில் இன்னொன்று. ‘ஜகமேலே பரமாத்மா’ என்பதற்கு ‘உலகத்துக்கு மேலே இருக்கும் பரமாத்மா’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ‘ஜகம் ஏலே’ என்று பிரிக்க வேண்டும். ‘ஏலு’ என்றால் ஆள்வது. உலகத்தை ஆளும் பரமாத்மா என்பதுதான் பொருள். அதற்கு முன்பு ‘இலகு’ என்று வருகிறதே, அதுவும் நம் இலகு, அதாவது எளிது, இல்லை. ‘இல’ என்றால் பூமி. ‘பூமிக்கு’ என்று அர்த்தம். கருடன் உன் ஆணையைக் கேட்டதும் வேகமாகப் புறப்படவில்லையோ, வானத்திலிருந்து பூமி வெகு தூரம் என்று சொல்லிவிட்டானோ என்று கேட்கிறார். இவ்வளவு தவிப்பு உள்ள பாட்டில் எளிதும் ஜாலியும் எங்கே பொருந்தும்?

இதில் ஒரு சிக்கல் இருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ‘நகு’ நம் குறளில் வரும் அதே நகுதான். சரணத்தில் வரும் ‘தாளனு’ நம் ‘தாளேன்’தான். இப்படி இரண்டு சொல் சரியாக அமைந்துவிட்டால், மற்றதும் தமிழ்தான் என்று காது நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கையில்தான் எல்லாத் தவறும் நடக்கிறது.

நான் 26 வருடமாக வாய்ப்பாட்டு சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு மாணவி ‘நா ஜாலி’ என்று வரும்போதெல்லாம் முகம் மலர்ந்து, துள்ளலாகப் பாடுவாள். ஏன் என்று கேட்டேன். ‘சந்தோஷமா இருக்கேன்னுதானே மிஸ் அர்த்தம்?’ என்றாள். அர்த்தம் சொன்ன பிறகு, அடுத்த வகுப்பில் அதே இடத்தைத் தானாகவே தாழ்த்தி, மெதுவாகப் பாடினாள். நான் வேறு எதுவும் திருத்தவில்லை.

மலையாளத்துக்கும் இதே கதிதான். மலையாள பக்திக் கவிஞர் பூந்தானத்தின் ‘ஞானப்பான’யைத் தமிழில் பொருளோடு போட்ட ஒரு சிறு புத்தகத்தை முன்பு வாங்கினேன். ‘இந்நிக்கண்ட தடிக்கு விநாசவும்’ என்ற வரிக்குத் தடி, கம்பு என்று எழுதியிருந்தார்கள். மலையாளத்தில் அங்கே தடி என்பது உடம்பு. இந்த உடம்பு எந்த நேரத்தில் அழியும் என்று தெரியாது என்கிறார் பூந்தானம். அப்புறம், மாளிகையில் இருந்த மன்னனின் தோளில் ‘மாறாப்பு’ ஏற்றுவதும் பகவானே என்ற வரி. அதற்கு மாராப்புச் சேலை என்று பொருள் எழுதியிருந்தார்கள்! தோளில் தொங்கும் பிச்சைக்காரனின் மூட்டை அது. அரசன் ஆண்டியாவதைச் சொல்லும் வரியில், அரசனுக்குச் சேலை உடுத்திவிட்டார்கள். பதிப்பகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இசை விழா மலர்களில் பார்த்த தவறுகளைச் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் பக்கம் போதாது. ஆனால் உங்கள் இதழை என் தந்தை காலத்திலிருந்து படிக்கிறோம், ஐயா. உங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை. அதுதான் அதிகம் வலிக்கிறது.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். இனி தெலுங்கு, மலையாளப் பாட்டுக்குப் பொருள் போடும்போது, அந்த மொழியை வீட்டில் பேசுகிற ஒருவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். முடிந்தால் ‘ஜகம் ஏலே’ என்று பதம் பிரித்தும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சங்கீத ஆசிரியை,
கும்பகோணம்