குகையின் மேலுள்ள காட்டை வாகன நிறுத்தமாக மாற்ற வேண்டாம்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
சுண்ணாம்புக் குகை வழிகாட்டி (12 ஆண்டுப் பணி)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: குகையின் மேற்பரப்பில் சிமெண்டுத் தளம் அமைப்பதையும் பார்வையாளர் எண்ணிக்கையை உயர்த்துவதையும் நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

குகைக்கு மேலே உள்ள மரங்களை அகற்றி வாகன நிறுத்தம் கட்டவும், உள்ளே ஒரே நேரத்தில் நிற்கும் ஆட்களை இரண்டு மடங்காக்கவும் திட்டம் தயாராகிவிட்டது. அதைப் பற்றிய கூட்டத்தில் "கல்லுக்கு என்ன ஆகிவிடும், தண்ணீர் சொட்டிக்கொண்டேதானே இருக்கும்" என்று ஒருவர் சொன்னார். நான் அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சொட்டுவதால் மட்டும் குகைக் கூரையில் தொங்கும் கல்விழுது வளர்வதில்லை. மழைநீர் மரங்களின் வேர் நிறைந்த மண்ணில் இறங்கும்போது, வேர்களும் மண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவை வாங்கிக்கொள்கிறது. வெளிக்காற்றில் 0.04 சதவீதமே உள்ள இந்த வாயு, காட்டு மண்ணின் இடுக்குகளில் 1 சதவீதத்தையும் தாண்டும். அதனால் லேசாக அமிலமான அந்த நீர், பாறை விரிசல்களில் இறங்குகையில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்கிறது. குகையின் காற்றில் வாயு குறைவு. எனவே கூரையில் தொங்கும் துளியிலிருந்து வாயு வெளியேறுகிறது. வாயு போனபின் அவ்வளவு சுண்ணாம்பைத் தாங்க நீரால் முடியாது, கொஞ்சம் படிகமாகிவிடுகிறது. நீர் ஆவியாவதால்தான் கல் வளர்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஈரம் நிறைந்த உட்குகையில் ஆவியாதல் மிகச் சொற்பம். மண்ணுக்கும் குகைக்கும் உள்ள வாயு வித்தியாசம்தான் இங்கே வேலை செய்கிறது.

திட்டம் அந்த வித்தியாசத்தை இரண்டு முனையிலும் தின்கிறது. மேலே மரமும் மண்ணும் போனால் நீருக்கு வாயு கிடைக்காது, சிமெண்டுத் தளத்தால் நீரும் குறையும். கீழே கூட்டம் கூடினால் குகைக்காற்றில் வாயு ஏறும். நாம் விடும் மூச்சில் அது சுமார் 4 சதவீதம், வெளிக்காற்றைப்போல் நூறு மடங்கு. காற்றோட்டமில்லாத அறையில் அது தேங்கினால் படிவது நிற்கும். இன்னும் கூடினால், சுவரில் வியர்த்து நிற்கும் நீரே வாயுவை உறிஞ்சி, படிந்த கல்லை அரிக்கத் தொடங்கும். ஆதிமனிதர் வரைந்த ஓவியங்கள் உள்ள பிரான்சின் லாஸ்கோ குகை 1948-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டு, மூச்சுக்காற்றாலும் விளக்கொளியில் வளர்ந்த பாசியாலும் ஓவியங்கள் கெட்டதால் 1963-ல் மூடப்பட்டது.

மூன்றாவது அறையில் உள்ள ஒரு குழல் விழுதைத் தாங்கள் நேரில் பார்க்க வேண்டுகிறேன். டார்ச் அடித்தால் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். குளிர்பானக் குழல் அளவுதான், உள்ளே பொள்ளல், சுவர் அரை மில்லிமீட்டர் தடிமன். துளி நுனியில் தொங்கும் நேரத்தில் அதன் விளிம்பில் ஒரு மெல்லிய வளையம் படிகிறது. பிறகு துளி விழுகிறது. தரையில் சிதறும்போது மிச்ச வாயுவும் போய், அங்கே கல்முளை எழுகிறது. அதனால்தான் கல்முளை தடித்து, மழுங்கிய தலையுடன், துளையில்லாமல் இருக்கிறது.

இந்தக் குழலில் நிமிடத்துக்கு ஒரு துளி விழுகிறது. வருடத்துக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல். அது ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டர் நீள்கிறது என்று வைத்துக்கொண்டால், 5 மில்லிமீட்டர் அகலக் குழலில் சேரும் கல்லின் எடை சுமார் 4 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிட மிகமிகக் குறைவு. சென்ற ஆண்டு பக்கத்துக் குழலை ஒரு பையன் குச்சியால் தட்டிவிட்டான். பத்து சென்டிமீட்டர் துண்டு என் கையில் வந்தது. இதே வேகத்தில் அது மீண்டும் வளர 500 ஆண்டு வேண்டும். அதை இன்னும் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன்.

வளர்ச்சி நின்றதா என்பதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. உயிருள்ள நுனி ஈரமாகப் பளபளக்கும், நின்றுபோனது மங்கி மாவுபோல் ஆகும். துளி விழும் இடத்தில் எடை பார்த்த கண்ணாடித் தகட்டை வைத்து, சில மாதம் கழித்து உலர்த்தி மறுபடி எடை போட்டால், படிந்த கல்லின் அளவு தெரிந்துவிடும். அமெரிக்காவின் கார்ட்ச்னர் குகையை 1974-ல் கண்டுபிடித்த இருவர் பல ஆண்டு ரகசியமாகக் காத்தார்கள். விரிவான ஆய்வுக்குப் பிறகு, காற்று புகாத இரட்டைக் கதவுகளோடு 1999-ல்தான் அது திறக்கப்பட்டது.

ஆகவே, மேற்பரப்பில் மரம் வெட்டுவதையும் தளம் போடுவதையும் நிறுத்தி வைக்கவும், வாகன நிறுத்தத்தைக் குகைக்கு நீர் இறங்காத சரிவுக்கு மாற்றவும் ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். மூன்று அறைகளிலும் கரியமில வாயு மானியும் கண்ணாடித் தகடுகளும் வைத்து, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அளந்தபின், அந்த அளவை வைத்தே பார்வையாளர் எண்ணிக்கையை முடிவு செய்ய உத்தரவிட வேண்டுகிறேன். தகடுகளை வைத்து எடுக்கும் பணியை நானே ஊதியமின்றிச் செய்யத் தயாராக இருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குகை வழிகாட்டி